ஆறு முடிந்து ஏழு

துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிப்ரவரி மாதத்துப் புதன் ஒன்றில், பதினான்காவது வார ஊசிக்காக ஒரு தாய் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நவம்பர் 10 அன்று பிறந்த குழந்தை. குழந்தை உணவு பற்றி நாங்கள் தமிழில் தயாரித்திருந்த துண்டுத்தாளின் முதல் வரைவை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். தடங்கலில்லாமல் வாசித்தார். "ஆறாம் மாதத்தில் இணை உணவைத் தொடங்கவும்" என்ற வரியில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பங்குனி பொறந்ததும் குடுத்திடலாம்னு அத்தை சொல்லியிருக்காங்க."

எப்படி என்று கேட்டதற்கு விரலை மடக்கிக் காட்டினார். ஐப்பசியில் பிறந்தவன். ஐப்பசி ஒன்று, கார்த்திகை இரண்டு, மார்கழி மூன்று, தை நான்கு, மாசி ஐந்து, பங்குனி ஆறு. கணக்கில் தவறே இல்லை. ஆனால் பங்குனி முதல் தேதி மார்ச் 15 வாக்கில் வரும். அன்று அந்தக் குழந்தைக்கு வயது 125 நாள், அதாவது நான்கு மாதமும் ஐந்து நாளும். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்று சொல்வது 180 நாளை. அது மே 9 அன்றுதான் நிறைகிறது. எங்கள் ஒற்றை வரி, அந்தக் குழந்தையை ஐம்பத்தைந்து நாள் முன்னதாகச் சோற்றுக்கு அழைத்திருந்தது.

தவறு எங்களுடையது. மூல வாசகம் குழந்தையின் வயதைச் சொல்கிறது. நாங்கள் எழுதியதோ மாதத்தின் வரிசை எண்ணை. பத்து மணி அடித்ததும் வா என்பதும் பத்தாவது மணி நேரத்தில் வா என்பதும் ஒன்றா? தமிழில் கர்ப்பத்தையும் குழந்தையையும் நடக்கும் மாதத்தால் எண்ணுவது பழக்கம். "ஏழாம் மாசம் வளைகாப்பு" என்றால் ஆறு முடிந்து ஏழு நடக்கிறது என்று பொருள். பிறந்த மாதத்தையே ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வீடுகளில் இன்னும் சில நாள் குறையும். நவம்பர் 10 என்பது ஐப்பசி 24. மாதம் முடிய ஒரு வாரமே இருந்தபோது பிறந்தவனுக்கு அந்த ஒரு வாரம் ஒரு முழு மாதமாகக் கணக்கானது.

இதோடு சோறூட்டும் சடங்கும் சேர்கிறது. ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். ஆணுக்கு ஆறு அல்லது எட்டு, பெண்ணுக்கு ஐந்து அல்லது ஏழு. கோயிலில் நாக்கில் வைக்கும் நாலு பருக்கையால் ஒன்றும் ஆகிவிடாது. மறுநாளிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிடுவதில்தான் சிக்கல். ஆனால் இதே வழக்கத்துக்குள்தான் எங்களுக்கு வேண்டிய சொல்லும் கிடைத்தது. பெண் குழந்தைக்குச் சொல்லும் ஏழாம் மாதத்தை, பிறந்த தேதியிலிருந்து எண்ணினால், அது தொடங்கும் நாளும் ஆறு மாத வயது நிறையும் நாளும் ஒன்றே. "ஆறு முடிந்து ஏழு பிறக்கும் நாள்" என்று அடுத்த வரைவில் எழுதினோம். அதை எந்தப் பாட்டியும் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லவில்லை.

சரி, ஐம்பத்தைந்து நாள் முந்திவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். ஏனென்றால் 2001 வரை உலக சுகாதார நிறுவனமே நான்கிலிருந்து ஆறு மாதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று பாட்டியாக இருப்பவருக்கு அவருடைய மருத்துவர் நான்காம் மாதம் என்று சொல்லியிருந்தால், அந்த மருத்துவர் அன்றைய பாடத்தைத்தான் சொன்னார். இந்தியச் சட்டம்கூட அப்படித்தான் இருந்தது. குழந்தைப் பால் பவுடர், பாட்டில், குழந்தை உணவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் 1992ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை உணவு என்பதை நான்கு மாதத்துக்குப் பிறகு கொடுப்பது என்றே முதலில் வரையறுத்தது. 2003இல் திருத்தி ஆறு மாதமாக்கினார்கள்.

மாற்றத்துக்குக் காரணமான சான்றுகளில் ஒன்று ஹோண்டுராஸ் நாட்டில் நடந்த ஆய்வு. 1994இல் வெளியானது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நான்கு மாதத்திலேயே சுத்தமான, சத்தான திட உணவு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். முன்னதாகச் சாப்பிட்ட குழந்தைகள் கூடுதலாக வளரவில்லை. சாப்பிட்ட அளவுக்கு அவர்கள் குடிக்கும் தாய்ப்பால் குறைந்துபோனது, அவ்வளவுதான். வயிற்றில் இடம் ஒன்றுதான். சோறு உள்ளே போனால் பால் வெளியே நிற்கும். மார்பில் குடிக்கப்படாமல் தேங்கும் பால், சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடலுக்குச் சேதி அனுப்பும். சுத்தமில்லாத தண்ணீரும் பாத்திரமும் உள்ள வீட்டில் இதனுடன் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும்.

தாமதமும் நல்லதல்ல. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து சேமித்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆகவே எட்டாம் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கை மருத்துவர்தான் போட வேண்டும்.

அடுத்த சொல், "மட்டும்". ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இதைவிட எளிய தமிழ் இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தோம். சில துண்டுத்தாள்கள் இதையே "பிரத்யேகத் தாய்ப்பால்" என்கின்றன. வாசித்த ஒரு பெண், அது மருந்துக்கடையில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. "மட்டும்" அந்தளவுக்கு மோசமில்லை. ஆனால் அதற்கும் ஓர் ஓட்டை உண்டு.

"தாய்ப்பால் மட்டும்தான் குடுக்குறீங்களா?" என்று கேட்டால், "ஆமா, வேற எதுவும் குடுக்கிறதில்ல" என்று பதில் வரும். "தண்ணி?" என்று கேட்டால், "அது குடுப்போம். வெயில் காலமாச்சே." கிரைப் வாட்டர்? "வயிறு உப்புசமா இருந்தா." உரைமருந்து? "வெள்ளி செவ்வாய்ல உரசி ஊத்துவாங்க." பிறந்த அன்று சேனை வைத்தீர்களா? "சர்க்கரைத் தண்ணி, மாமா கையால." இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. தாய்ப்பாலுக்கு மாற்று என்றால் அவர்கள் மனத்தில் பசும்பாலும் பவுடர் பாலும்தான். தண்ணீர் உணவில் சேர்த்தி இல்லை. வசம்பும் ஜாதிக்காயும் மருந்து. சேனை ஒரு சடங்கு. "மட்டும்" என்ற சொல் எதையெல்லாம் வெளியே தள்ள வேண்டும் என்று நாம் நினைத்தோமோ, அவை எதுவும் அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை.

அதனால்தான் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் "மட்டும்" என்று கேட்பதில்லை. நேற்று பகலிலும் இரவிலும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா, வேறு பால் கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எங்கள் தாளிலும் அதே வழியைப் பிடித்தோம். "தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், உரைமருந்து, கழுதைப்பால் எதுவும் வேண்டாம்" என்று பெயர் சொல்லி எழுதினோம். தேனுக்குத் தனியாக ஒரு வரி உண்டு. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. தண்ணீருக்கு விளக்கம் எளிது. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் தண்ணீர்தான். வேலூர் வெயிலிலும் அது போதும். தாகம் எடுத்தால் குழந்தை அடிக்கடி குடிக்கும்.

"மட்டும்" எதிர்ப்பக்கமாகவும் சறுக்கியது. ஒரு தாய், மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். "பால் மட்டும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு உள்ள வரையறை, மருத்துவர் தரும் சொட்டு மருந்தையும் சிரப்பையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் அனுமதிக்கிறது. நம் "மட்டும்" அவற்றையும் சேர்த்துத் துரத்திவிட்டது. வேண்டியதைத் துரத்தி, வேண்டாததை உள்ளே விட்ட சொல் அது. பட்டியலின் கீழே "டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தும் போலியோ சொட்டும் கொடுக்கலாம்" என்று சேர்க்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது சொல்லில்தான் அதிக நாள் மாட்டிக்கொண்டோம். "திட உணவு." பள்ளிக்கூடத்தில் திடம், திரவம், வாயு என்று படித்த திடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் தாய்மார் கண்ணில் முறுக்கும் சப்பாத்தியும்தான் தெரிகின்றன. பல் முளைக்காத பிள்ளைக்கு இதை எப்படிக் கொடுப்பது, தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயம் வருகிறது. பயம் வந்தால் தண்ணீர் ஊற்றுவார்கள். "இணை உணவு" என்ற அரசாங்கச் சொல் பயமுறுத்துவதில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று சொல்வதும் இல்லை. கடைசியில் எல்லோரும் போய் நிற்பது கஞ்சியில். கஞ்சி என்றால் தமிழில் குடிப்பது.

இந்த இடத்தில் ஒரு குழந்தையைக் கணக்கோடு பார்த்துவிடலாம். ஏழு மாதம் முடிந்த பெண் குழந்தை, எடை ஏழு கிலோ. மூன்று மாதமாக நன்றாக ஏறிய எடைக்கோடு, கடந்த இரண்டு மாதமாக வளர்ச்சி அட்டையில் படுத்துவிட்டது. தாய்க்குப் புரியவில்லை. "மூணு வேளையும் டம்ளர் டம்ளரா கஞ்சி குடிக்கிறாளே" என்றார். எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டு, அங்கேயே செய்துகாட்டச் சொன்னோம். ஒரு பெரிய ஸ்பூன் அரிசி மாவு, ஒரு டம்ளர் தண்ணீர். மாவு சுமார் 10 கிராம், தண்ணீர் 200 மில்லி. தானிய மாவு 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. ஆகவே அந்த டம்ளர் முழுக்க இருந்தது 35 கலோரி.

ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். அந்தக் கஞ்சியில் அதைப் பெற ஆறு டம்ளர் குடிக்க வேண்டும், ஒரு லிட்டருக்கும் மேல். குழந்தையின் வயிறு கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில்தான் கொள்ளும். ஏழு கிலோவுக்கு 210 மில்லி. அந்த ஒரு டம்ளரிலேயே வயிறு நிரம்பிவிடும். நிரம்பிய வயிறு தாய்ப்பாலையும் வேண்டாம் என்னும். மூன்று வேளைக்கும் சேர்த்து அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது நூறு கலோரி சொச்சம், அதற்கு விலையாகக் கொஞ்சம் தாய்ப்பாலும் போனது. வயிறு நிறைந்து தூங்குகிற குழந்தையைப் பார்க்கும் தாய்க்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? எடைத் தராசுதான் முதலில் சொன்னது.

அதே அரிசியைச் சோறாக வடித்தால் 100 கிராமில் சுமார் 130 கலோரி. பருப்போடு குழைத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு மசித்து, ஒரு சின்ன ஸ்பூன் நெய் சேர்த்தால் நெய் மட்டும் 40 கலோரி. இப்படிப் பிசைந்ததில் ஒரு வேளைக்கு ஐந்தாறு பெரிய ஸ்பூன் வீதம் மூன்று வேளை கொடுத்தால் 200 கலோரி சிரமமில்லாமல் வந்துவிடும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவுக்கும் இதே நியாயம்தான். கரைத்துக் குடிக்க வைத்தால் வீண், கிளறி ஊட்டினால் உணவு.

ஆங்கில வழிகாட்டிகள் இதை எப்படிச் சொல்கின்றன? ஒரு கிராமுக்கு 0.8 கலோரிக்குக் குறையாத அடர்த்தி என்று ஓர் எண். ஸ்பூனில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக என்று ஒரு விளக்கம். எண்ணைத் தமிழில் எழுதுவதில் பயனில்லை. "கெட்டி" என்பதும் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொன்று. இங்கே ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நம் அடுக்களையில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பதம். நீர்மோர்ப் பதம், ரவா தோசை மாவுப் பதம், தோசை மாவுப் பதம், இட்லி மாவுப் பதம், களிப் பதம். கண்ணை மூடிக்கொண்டு கரண்டியால் கிளறினாலே எந்தப் பதம் என்று சொல்லிவிடுகிறவர்களிடம், 0.8 என்று நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு தாளில் எழுதியது இதுதான்: "இட்லி மாவுப் பதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்பூனைச் சாய்த்தால் வழியக் கூடாது, பொத்தென்று விழ வேண்டும்." இதைப் படித்த ஒரு மாமியார் உடனே, "அப்போ கஞ்சி இல்ல, கூழும் இல்ல, களிக்குக் கொஞ்சம் இளக்கம்" என்றார். அதைவிடத் துல்லியமாக எந்த மொழியிலும் எழுத முடியாது என்று தோன்றியது. மாதம் ஏற ஏற மசிப்பதைக் குறைத்து, ஒன்பதாம் மாதம் முடியும்போது கையால் பிசைந்த சோறு, ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது என்று வரிசைப்படுத்தினோம்.

அளவுப் பாத்திரங்கள் இன்னொரு தலைவலி. தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, பிறகு மெல்ல ஏற்றி 250 மில்லி கப்பில் பாதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேசைக்கரண்டி என்பது 15 மில்லி. தமிழ்நாட்டு வீட்டில் ஸ்பூன் என்றால் சர்க்கரை போடும் 5 மில்லி ஸ்பூன், கரண்டி என்றால் குழம்பு ஊற்றுவது. முதலாவதாக எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். டம்ளரோ நூறு மில்லி காபி டம்ளரிலிருந்து முந்நூறு மில்லி மோர் டம்ளர் வரை இருக்கிறது. இதற்கு மொழிபெயர்ப்பில் தீர்வே இல்லை. குழந்தைக்கு ஊட்டப்போகும் கிண்ணத்தை அடுத்த புதன்கிழமை கொண்டுவரச் சொல்லி, 125 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி, எதுவரை வருகிறது என்று காட்டிவிடுவதுதான் வழி. சொற்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்வதுண்டு. மார்பைப் பற்றிக் குடிக்க முடியாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பால் புகட்டும் நம்முடைய பாலாடை, இந்தியக் குழந்தை மருத்துவ நூல்களில் ஆங்கில வாக்கியங்களுக்கு நடுவே அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் தமிழ்த் தாய்க்கு வேறொரு குழப்பம். அங்கே மருத்துவமனைத் தாள் "ஏறக்குறைய ஆறு மாதத்தில்" என்னும், கூடவே அடையாளங்களையும் பார்க்கச் சொல்லும்: தலை ஆடாமல் உட்கார்கிறதா, உணவைப் பார்த்துக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறதா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா. "ஏறக்குறைய" என்பது நம் காதில் பேரம் பேச இடமுள்ள சொல். நாலரை மாதமும் அதற்குள் அடங்கிவிடும். அங்கேயும் முதலில் தேதியைச் சொல்லிவிட்டு, பிறகு அடையாளங்களைச் சொல்வதுதான் நல்லது.

இந்தப் பிழைகளில் ஒன்றைக்கூட நாங்கள் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுதியதை இன்னொருவரை விட்டு மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. அந்தச் சோதனையில் "திட உணவு", "மட்டும்" இரண்டும் முழு மதிப்பெண்ணோடு தேறின. "ஆறாம் மாதம்" கூடத் தேறியது. ஒப்பிட்டவர் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். மொழி தெரிந்த இருவருக்கு நடுவே நடக்கும் சோதனை அது. தாய் அதில் வருவதே இல்லை. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதும் வீண்தான். புரியவில்லை என்று நர்ஸம்மாவிடம் யார் சொல்வார்கள்? "வீட்டுக்குப் போய் அத்தைகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டால் போதும். பங்குனியும், வெயில் காலத் தண்ணீரும், டம்ளர் கஞ்சியும் வரிசையாக வெளியே வந்துவிடும்.

இப்போது அந்தத் தாளின் மேல் ஓரத்தில் மாதக் கணக்கே இல்லை. "சோறு ஊட்டத் தொடங்கும் தேதி" என்று அச்சிட்டு, பக்கத்தில் கோடு விட்டிருக்கிறோம். குழந்தை பிறந்த தேதியைப் பார்த்து, ஆறு மாதம் கூட்டி, செவிலியர் பேனாவால் நிரப்பிக் கொடுக்கிறார். நவம்பர் 10 அன்று பிறந்தவனின் தாளில் மே 10 என்று எழுதியிருந்தது. அவன் பாட்டி அதை நாள்காட்டியில் தேடிப் பார்த்து, சித்திரை 27 என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.